ஒரே ஓடர், மூன்று லொறி, ஐந்து தடவையாக வந்த காசு: வருமானமும் வற் வரியும் பிசகாமல் பதிவது எப்படி?

கல்முனையில் ஒரு தளபாடக் கடை, அறுகம்பையில் ஒரு ஹோட்டல். சீசன் தொடங்குவதற்கு முன் ஹோட்டல்காரர் கதிரை, மேசை, அலுமாரி எல்லாவற்றையும் ஒரே ஓடராகக் கொடுக்கிறார். பொருட்கள் ஒரே நாளில் போகப் போவதில்லை. காசும் அப்படித்தான்: பாதி முற்பணம், கொஞ்சம் காட், கொஞ்சம் கைக்காசு, மீதிக்கு ஒரு செக். கிழக்குக் கரையில் ஹோட்டல்களுக்குப் பொருள் கொடுக்கும் எல்லாக் கடைகளிலும் இது வழக்கமான வியாபாரம்தான். ஆனால் கணக்கில் இதைப் போல் குழம்புவது வேறொன்றும் இல்லை.

குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஓடர், பொருள், வரி, காசு ஆகிய நான்கையும் ஒரே சம்பவமாக நினைத்து ஒரே பதிவில் முடிக்கப் பார்க்கிறோம். உண்மையில் வருமானம் பொருளின் பின்னால் போகிறது. வற் வரியோ காசு, காசுக்கான தவணை, விலைப்பட்டியல், பொருள் ஆகிய நான்கில் எது முந்துகிறதோ அதன் பின்னால் போகிறது. வருமதி, இவை இரண்டுக்கும் காசுக்கும் இடையில் மிஞ்சும் வித்தியாசம். இந்த மூன்றையும் தனித்தனியாக ஓடவிட்டால் கடைசியில் அவை தாமாகவே ஒரே தொகையில் வந்து நிற்கும். கீழே ஒரு ஓடரை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை பதிந்து காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

ஓடர்

60 கதிரை, ஒன்று 10,000 ரூபாய். 15 மேசை, ஒன்று 40,000. 20 அலுமாரி, ஒன்று 40,000. மொத்தம் 2,000,000. பெரிய ஓடர் என்பதால் முதலாளி 100,000 கழிவு கொடுக்கிறார். மிச்சம் 1,900,000. அதன் மேல் 18 வீத வற் 342,000. ஹோட்டல் கட்ட வேண்டியது 2,242,000 ரூபாய்.

18 வீதம் என்பது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள வீதம். கடை வற்றுக்குப் பதிவு செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவில்லாத கடை வற் அறவிடவே கூடாது. அவர்களுக்கு இந்த வழிகாட்டியில் வருமானம், முற்பணம் பற்றிய பகுதி மட்டும் பொருந்தும். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியை இங்கே தனியாகக் காட்டவில்லை. விலைக்குள் அடங்கியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

## படி 1: கழிவை முதலிலேயே பொருள்வாரியாகப் பிரியுங்கள்

ஓடர் உறுதியான நாளில் கணக்கில் எதுவும் பதியத் தேவையில்லை. வாக்குறுதி மட்டும்தான் இருக்கிறது. பொருளும் போகவில்லை, காசும் வரவில்லை. ஆனால் ஓடர் தாளில் ஒரு வேலையை அன்றே முடித்துவிட வேண்டும். அந்த 100,000 கழிவு எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே 5 வீதம் என்றால் கதிரை ஒன்று 9,500, மேசை 38,000, அலுமாரி 38,000. அப்போது 60 கதிரைக்கு 570,000, 15 மேசைக்கு 570,000, 20 அலுமாரிக்கு 760,000. கூட்டினால் 1,900,000.

பல கடைகளில் கழிவை "கடைசி பில்லில் பார்த்துக் கழிப்போம்" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் முதல் லொறியில் போன கதிரைகள் 600,000 என்று வருமானத்தில் ஏறும். 30,000 ரூபாய் அதிகம். ஓடர் ஒரே நிதியாண்டுக்குள் முடிந்தால் அது தானாகச் சரியாகிவிடும். இடையில் மார்ச் 31 வந்தால் ஆகாது. நாம் எடுத்த ஓடரின் நடுவில் அந்தத் திகதி வருகிறது.

## படி 2: முற்பணம் வந்த நாள்

மார்ச் 12 அன்று ஹோட்டல் 1,180,000 ரூபாயை வங்கி மூலம் அனுப்புகிறது. இங்கேதான் முதல் வழுக்கல். முதலாளியின் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தம்பி, காசு வந்துட்டுதானே, விற்பனையில ஏத்துங்க." ஏற்றக் கூடாது. ஒரு கதிரைகூட கடையை விட்டுப் போகவில்லை. அந்தக் காசு இப்போதைக்கு ஹோட்டலுக்கு நாம் பட்டிருக்கும் கடன். பொருளாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன்.

ஆனால் வற் அப்படியில்லை. 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க பெறுமதி சேர் வரிச் சட்டத்தின்படி, விலைப்பட்டியல் கொடுப்பது, முற்பணம் உட்பட காசு கிடைப்பது, காசு கொடுக்க வேண்டிய தவணை வருவது, பொருளை ஒப்படைப்பது ஆகிய நான்கில் எது முதலில் நடக்கிறதோ அதுவே வழங்கல் நடந்த நேரம். இங்கே காசு முந்திவிட்டது. ஆகவே வந்த காசுக்குள் இருக்கும் வற் மார்ச் 12 அன்றே அரசுக்குச் சேர வேண்டியதாகிவிட்டது.

அந்தக் காசு வற் சேர்ந்த தொகை. ஆகவே 18 வீதத்தால் பெருக்கக் கூடாது. 118 இல் 18 பங்கு எடுக்க வேண்டும்: 1,180,000 × 18 ÷ 118 = 180,000. மிச்சம் 1,000,000. பதிவு இப்படி:

- வரவு: வங்கி 1,180,000
- செலவு: வாடிக்கையாளர் முற்பணம் 1,000,000
- செலவு: வற் சென்மதி 180,000

இந்த முற்பணத்துக்கு ஒரு வரி விலைப்பட்டியலும் கொடுக்க வேண்டும். "இன்ன இலக்க ஓடருக்கான முற்பணம், பெறுமதி 1,000,000, வற் 180,000" என்று அதில் தெளிவாக எழுதுங்கள். இது இல்லாவிட்டால் ஹோட்டல் தன் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. அவர்களுடைய கணக்காளர் ஏப்ரலில் போன் எடுத்து நம்மைத் தேடுவார். வெறும் பற்றுச்சீட்டு இதற்குப் போதாது.

முற்பணம் வந்த நாளிலேயே முழு ஓடருக்கும் 2,242,000 என்று வரி விலைப்பட்டியல் அடித்துக் கொடுப்பது மிகச் செலவான பிழை. விலைப்பட்டியல் கொடுத்ததும் வழங்கல் நேரம் வந்துவிடும். அப்போது மார்ச் காலாண்டிலேயே 342,000 வற் கட்ட வேண்டும். கையில் வந்த காசில் இருக்கும் வற் 180,000 மட்டும்தான். மிச்சம் 162,000 ரூபாயை மேசையும் அலுமாரியும் போவதற்கு முன்பே கடை தன் பையிலிருந்து எடுத்துக் கட்டுகிறது. ஹோட்டல்காரர் மொத்த விலை போட்ட தாள் ஒன்று கேட்டால் புரோஃபோர்மா கொடுங்கள். அதில் வரி விலைப்பட்டியல் என்ற சொல்லோ வரி விலைப்பட்டியலின் தொடரிலக்கமோ இருக்கக் கூடாது.

தவணையை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "இரண்டாம் தவணை மார்ச் 31" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அன்று காசு வராவிட்டாலும் தவணை வந்ததால் வற் பிறந்துவிடும். "இரண்டாம் தவணை மேசைகள் வந்து சேரும்போது" என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

## படி 3: முதல் லொறி

மார்ச் 25 அன்று 60 கதிரைகளும் அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வழியாக அறுகம்பைக்குப் போய் இறங்குகின்றன. ஹோட்டல் ஸ்டோர் பொறுப்பாளர் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டுத் திகதியும் எழுதுகிறார். வருமானத்துக்குரிய திகதி அந்தக் கையெழுத்தின் திகதிதான். கல்முனையில் லொறியில் ஏற்றிய திகதி அல்ல. பொருளை ஹோட்டலில் கொண்டுபோய் ஒப்படைப்பது நம் பொறுப்பு என்றால், வழியில் ஒரு கதிரை உடைந்தாலும் நட்டம் நமக்குத்தானே. மார்ச் 31 மாலை ஏற்றி ஏப்ரல் 1 காலை இறங்கிய பொருள் அடுத்த ஆண்டின் விற்பனை.

கதிரைகளின் பெறுமதி 570,000. முற்பணம் 1,000,000 ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து எடுக்கிறோம்:

- வரவு: வாடிக்கையாளர் முற்பணம் 570,000
- செலவு: விற்பனை வருமானம் 570,000

வற்றுக்குப் பதிவு எதுவும் இல்லை. இந்த 570,000 க்கான வற் முற்பணத்திலேயே போய்விட்டது. இங்கே பழக்க தோஷத்தில் கதிரைக்கு இன்னொரு வரி விலைப்பட்டியல் அடித்து 102,600 வற் போட்டுவிட்டால், ஒரே கதிரைக்கு இரண்டு தரம் வரி கட்டியதாகும். மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். டெலிவரியிலிருந்து இன்வாய்ஸ் உருவாக்கும் பட்டனை அழுத்தினால் அது முற்பணத்தைப் பார்க்காமல் முழு வற்றையும் போட்டுவிடும். இன்வாய்ஸில் "கழிக்க: முன்னர் வரிப் பட்டியலிட்ட முற்பணம்" என்று ஒரு கழித்தல் வரி சேர்த்தால்தான் வற் பூச்சியமாகும்.

பொருளின் கிரயத்தையும் அதே நாளில் எடுங்கள். கதிரை ஒன்றின் கிரயம் 7,000 என்றால்:

- வரவு: விற்பனைக் கிரயம் 420,000
- செலவு: தொக்கு 420,000

கிரயம் எப்போதும் வருமானத்துடன் ஒரே திகதியில் நகர வேண்டும். காசு வந்தபோது வருமானமும் பொருள் போனபோது கிரயமும் பதியும் கடைகளில், ஒரு மாதம் இலாபம் மலைபோல் தெரியும். அடுத்த மாதம் நட்டம் காட்டும். இரண்டுமே உண்மையில்லை.

மார்ச் 31 அன்று நிலவரம்

இலாப நட்டக் கணக்கில் இந்த ஓடரிலிருந்து வருமானம் 570,000, கிரயம் 420,000. ஐந்தொகையில் நடைமுறைப் பொறுப்பாக வாடிக்கையாளர் முற்பணம் 430,000. மார்ச் காலாண்டு வற் அறிக்கையில் வழங்கலின் பெறுமதி 1,000,000, வற் 180,000.

அறிக்கையில் 1,000,000, கணக்கில் 570,000. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று பயந்து ஒன்றை மற்றதுக்குச் சமமாக்க முயல்பவர்கள் உண்டு. சமமாக்கக் கூடாது. வித்தியாசம் 430,000, அதுதான் முற்பணக் கணக்கின் மீதி. வரித் திணைக்களத்திலிருந்து யாராவது கேட்டாலும் ஒரே வரியில் சொல்லக்கூடிய விளக்கம் அது.

## படி 4: பாதி மட்டும் போன இரண்டாம் லொறி

ஏப்ரல் 8 அன்று 15 மேசையும் போக வேண்டும். 5 மேசைக்குப் பொலிஷ் காயவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போகப் போகிறார்கள். ஆகவே 10 மேசைதான் போகிறது.

இப்போது டெலிவரி நோட்டில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: ஓடர் 15, இன்று 10, மிச்சம் 5. "மேசை, பகுதி" என்று மட்டும் எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. ஜூன் மாதம் தொக்கு எண்ணும்போது எத்தனை போனது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்.

10 மேசை × 38,000 = 380,000. முற்பணத்தில் 430,000 மிச்சம் இருப்பதால் மறுபடியும் அதே பதிவுதான்: முற்பணம் வரவு 380,000, வருமானம் செலவு 380,000. கிரயம், மேசை ஒன்றுக்கு 28,000 வீதம், 280,000. வற் இல்லை. முற்பணத்தில் இப்போது 50,000 எஞ்சியிருக்கிறது.

முற்பணத்தை முதலில் போகும் பொருளுக்கே முழுதாகக் கழிப்பதா, ஒவ்வொரு லொறிக்கும் விகிதப்படி கழிப்பதா என்று கேட்பார்கள். இரண்டும் செய்யலாம். ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படி. எதுவும் எழுதாவிட்டால் முதலில் போவதற்குக் கழிப்பதையே நான் விரும்புகிறேன். விகிதப்படி போனால் ஒவ்வொரு டெலிவரியிலும் ஒரு சிறு வற் துண்டும் ஒரு சிறு வருமதித் துண்டும் முளைக்கும். அவற்றைத் துரத்திக்கொண்டு திரிவதே வேலையாகிவிடும். எந்த முறையை எடுத்தாலும் ஓடர் முடியும்வரை அதிலிருந்து மாறாதீர்கள்.

## படி 5: காட்டும் வங்கியுமாக இரண்டாம் தவணை

ஏப்ரல் 20 அன்று ஹோட்டல்காரர் கடைக்கு வந்து அலுமாரிகளைப் பார்த்துவிட்டு 472,000 கட்டுகிறார். 300,000 வங்கிப் பரிமாற்றம், 172,000 காட்டில் ஸ்வைப். பொருள் இன்னும் போகவில்லை. ஆகவே இதுவும் முற்பணம்தான். 472,000 க்குள் வற் 72,000, மிச்சம் 400,000.

- வரவு: வங்கி 300,000
- வரவு: காட் வருமதி 172,000
- செலவு: வாடிக்கையாளர் முற்பணம் 400,000
- செலவு: வற் சென்மதி 72,000

இதற்கு இரண்டாவது வரி விலைப்பட்டியல். காசு இரண்டு வழியாக வந்ததால் இரண்டு பட்டியல் என்றில்லை. ஒரு தவணை, ஒரு பட்டியல்.

காட் காசு இரண்டொரு நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும். அதுவும் முழுதாக வராது. வங்கி 2.5 வீதம் கழித்தது என்று வைத்தால் 4,300 போய் 167,700 வரும். வங்கிக் கூற்றைப் பார்த்து 167,700 என்று விற்பனையைக் குறைத்துப் பதிவது பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் வருமானமும் வற்றும் இரண்டும் குறைந்துவிடும். ஹோட்டல் கட்டியது 172,000. அந்த 4,300 நமக்கும் வங்கிக்கும் இடையிலான செலவு:

- வரவு: வங்கி 167,700
- வரவு: காட் கட்டணம் 4,300
- செலவு: காட் வருமதி 172,000

காட் வருமதி என்ற கணக்கைத் தனியாக வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்வைப் செய்து வங்கிக்கு வராமல் போன காசு அதில் மீதியாக நின்று கண்ணில் குத்தும்.

## படி 6: கடைசி லொறி, கைக்காசு, செக்

மே 5 அன்று மிச்சம் 5 மேசையும் 20 அலுமாரியும் போகின்றன. 190,000 + 760,000 = 950,000. முற்பணத்தில் இருப்பது 50,000 + 400,000 = 450,000. அதைக் கழித்தால் 500,000 க்குத்தான் இன்னும் வரி போடப்படவில்லை. அதற்கு வற் 90,000.

- வரவு: வாடிக்கையாளர் முற்பணம் 450,000
- வரவு: ஹோட்டல் வருமதி 590,000
- செலவு: விற்பனை வருமானம் 950,000
- செலவு: வற் சென்மதி 90,000

கிரயம் 700,000 வழக்கம்போல் தனிப் பதிவு. மூன்றாவது வரி விலைப்பட்டியலில் "இந்த டெலிவரியின் பெறுமதி 950,000, முன்னர் வரி போட்ட முற்பணம் 450,000, இப்போது வரிக்குரியது 500,000, வற் 90,000" என்று முழுக் கணக்கையும் காட்டுங்கள். அப்படிக் காட்டினால் பிறகு பார்ப்பவர் யாரும் 90,000 எப்படி வந்தது என்று தலையைச் சொறிய மாட்டார்.

இங்கே பொருள்தான் முந்தியது. பொருள் ஒப்படைத்த பத்து நாளுக்குள் விலைப்பட்டியல் கொடுத்தால், வழங்கல் நேரம் விலைப்பட்டியலின் திகதி என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. மே மாத நடுவில் இதனால் ஒன்றும் மாறாது. காலாண்டு முடிவில் மாறும். முற்பணம் எதுவும் வாங்காமல் மார்ச் 27 இல் பொருள் போய், ஏப்ரல் 3 இல் பட்டியல் கொடுத்தால் வற் அடுத்த காலாண்டுக்குப் போகும். வருமானம் மார்ச்சிலேயே நிற்கும். பட்டியலின் திகதியைப் பார்த்து வருமானத்தையும் ஏப்ரலுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

அன்றே ஹோட்டல்காரர் 190,000 கைக்காசும், ஜூன் 5 திகதியிட்ட 400,000 ரூபாய் செக்கும் தருகிறார். கைக்காசு உடனே: காசு வரவு 190,000, ஹோட்டல் வருமதி செலவு 190,000. செக்கை இன்னும் வங்கிக் கணக்கில் ஏற்றாதீர்கள். அது இப்போதைக்கு ஒரு தாள்தான். செக் பதிவேட்டில் இலக்கம், திகதி, தொகை எழுதி வையுங்கள். வருமதி 400,000 அப்படியே நிற்கட்டும். ஜூன் 5 இல் வங்கியில் போடும்போது வங்கி வரவு, வருமதி செலவு.

செக் திரும்பி வந்தால் அந்தப் பதிவை மட்டும் திருப்புங்கள்: வருமதி வரவு 400,000, வங்கி செலவு 400,000. வங்கி எடுத்த தண்டம் தனிச் செலவு. விற்பனையிலோ வற்றிலோ கை வைக்க வேண்டாம். பொருள் போனது போனதுதான், வரி பிறந்தது பிறந்ததுதான். திரும்பிய செக்குக்காக விற்பனையை ரத்துச் செய்து, ஒரு மாதம் கழித்துக் காசு வந்ததும் புதிதாக இன்னொரு விற்பனை பதிபவர்கள் இருக்கிறார்கள். அதில் வருமானத்தின் காலமும் வரியின் காலமும் இரண்டுமே பிழைக்கும்.

## ஒரே தாளில் பார்த்தால்

| திகதி | நடந்தது | காசு | வற் | வருமானம் | முற்பணம் (+/−) |
|---|---|---|---|---|---|
| மார்ச் 12 | முற்பணம் | 1,180,000 | 180,000 | 0 | +1,000,000 |
| மார்ச் 25 | 60 கதிரை | 0 | 0 | 570,000 | −570,000 |
| ஏப்ரல் 8 | 10 மேசை | 0 | 0 | 380,000 | −380,000 |
| ஏப்ரல் 20 | இரண்டாம் தவணை | 472,000 | 72,000 | 0 | +400,000 |
| மே 5 | 5 மேசை, 20 அலுமாரி | 190,000 | 90,000 | 950,000 | −450,000 |
| ஜூன் 5 | செக் | 400,000 | 0 | 0 | 0 |
| மொத்தம் | | 2,242,000 | 342,000 | 1,900,000 | 0 |

மூன்று டெலிவரி நோட், மூன்று வரி விலைப்பட்டியல். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் எந்த டெலிவரியும் எந்தப் பட்டியலுக்கும் நேருக்கு நேர் பொருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். மார்ச் பட்டியலுக்கான பொருள் மூன்று லொறியிலும் போயிருக்கிறது. இந்தத் தாள் இல்லாமல் பில்லையும் டெலிவரி நோட்டையும் சோடி சேர்க்கப் போனால் முடியாது. ஒவ்வொரு ஓடருக்கும் இப்படி ஒரு தாள் வையுங்கள், விரிதாளிலோ கொப்பியிலோ. எல்லா ஆவணங்களிலும் அதே ஓடர் இலக்கத்தை எழுதுங்கள்.

விரிதாள் என்றால் மேலே உள்ள வரிசையில் A திகதி, B விவரம், C காசு, D வற், E வருமானம், F முற்பணம். முற்பணத்துக்குள் இருக்கும் வற்றை எடுக்க முதல் வரி, தாளைச் சரிபார்க்க இரண்டாம் வரி:

```
=ROUND(C2*18/118,2)
=ROUND(SUM(D2:D20)/0.18-SUM(E2:E20)-SUM(F2:F20),0)
```

இரண்டாவது சூத்திரம் எந்த நாளில் பார்த்தாலும் பூச்சியம் காட்ட வேண்டும். இதுவரை போட்ட வற்றின் அடிப்படைப் பெறுமதி, இதுவரை பதிந்த வருமானத்துக்கும் கையில் நிற்கும் முற்பணத்துக்கும் சமம் என்பதுதான் அதன் பொருள். மார்ச் 31 இல் 180,000 ÷ 0.18 = 1,000,000. 570,000 + 430,000 உம் அதே தொகை. ஏப்ரல் 20 இல் 1,400,000 = 950,000 + 450,000. பொருளுக்கும் விலைப்பட்டியலுக்கும் இடையிலான அந்தப் பத்து நாளில் மட்டும் இது தற்காலிகமாகப் பிசகலாம்.

பூச்சியம் வராவிட்டால் வந்த எண்ணே எங்கே பிழை என்று காட்டிக்கொடுக்கும். 570,000 என்று கூடுதலாக வந்தால் கதிரைக்கு இரண்டாம் தரம் வற் போட்டிருக்கிறீர்கள். கழித்தல் குறியோடு 400,000 வந்தால் இரண்டாம் தவணையை முற்பணத்தில் ஏற்றி வற்றை மறந்திருக்கிறீர்கள். 1 அல்லது 2 ரூபாய் வந்தால் சத வித்தியாசம். அதைக் கடைசிப் பட்டியலில் சரிசெய்யலாம்.

## திரும்பி வந்த இரண்டு கதிரை

மே 20 அன்று ஹோட்டலிலிருந்து கால் ஆடும் இரண்டு கதிரைகள் திரும்பி வருகின்றன. மாற்றுக் கதிரை வேண்டாம், காசைக் குறையுங்கள் என்கிறார்கள். இதற்குக் கிரெடிட் நோட் ஒன்று கொடுக்க வேண்டும். மார்ச் மாதப் பட்டியலை எடுத்துத் திருத்தக் கூடாது. அந்தக் காலாண்டின் அறிக்கை போய்விட்டது, நிதியாண்டும் முடிந்துவிட்டது.

கதிரையின் விலை 10,000 அல்ல, கழிவு போக 9,500. இரண்டுக்கு 19,000, வற் 3,420, மொத்தம் 22,420. கிரெடிட் நோட்டில் பழைய பட்டியலின் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிடுங்கள்.

- வரவு: விற்பனைத் திரும்பல் 19,000
- வரவு: வற் சென்மதி 3,420
- செலவு: ஹோட்டல் வருமதி 22,420

இந்த 3,420 ஜூன் காலாண்டில் குறையும். ஆக அந்தக் காலாண்டில் இந்த ஓடருக்கான வற் 72,000 + 90,000 − 3,420 = 158,580. கதிரைகளைத் திருத்தி விற்கலாம் என்றால் 14,000 கிரயத்தையும் தொக்குக்குத் திருப்பி எடுங்கள். விறகுக்குத்தான் ஆகும் என்றால் எடுக்க வேண்டாம், அது கடையின் நட்டம். ஹோட்டல் தன் உள்ளீட்டு வரியிலிருந்து அதே 3,420 ஐக் குறைக்க வேண்டும். ஆகவே கிரெடிட் நோட்டின் பிரதி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

வருமதி இப்போது 377,580. கையில் இருக்கும் செக்கோ 400,000 க்கு. மாற்றிச் செக் கேட்கலாம். இல்லை, அதையே ஜூன் 5 இல் போட்டால் ஹோட்டலின் கணக்கு 22,420 செலவு மீதியில் நிற்கும். அதைத் திருப்பிக் கொடுத்தால் கதை முடிந்தது. "அடுத்த ஓடருக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஹோட்டல்காரர் சொன்னால், சொன்ன நாளில் அது புதிய முற்பணம். 19,000 முற்பணத்துக்கும் 3,420 வற் சென்மதிக்கும் பிரித்து, புது ஓடர் இலக்கத்தில் புதுத் தாள் திறந்து முதல் வரியில் எழுதுங்கள்.